எலுமிச்சை, தேன், கேமோமைல்: கருப்பு முடி எவ்வளவு வெளுக்கும்?

கேள்வி: எலுமிச்சைச் சாறு, தேன், கேமோமைல் டீ மூணையும் கலந்து தலையில தடவி ஞாயிறுதோறும் ஒரு மணி நேரம் மாடியில உட்கார்ந்தேன். நாலு வாரம் ஆச்சு. நிறம் மாறல, முடி மட்டும் தேங்காய் நார் மாதிரி ஆயிடுச்சு. எங்க தப்பு பண்ணினேன் அக்கா? (கல்லூரி மாணவி, நாகர்கோவில்)

நீங்கள் ஒரு தப்பும் செய்யவில்லைம்மா. சொன்னவர்கள்தான் தப்பாகச் சொல்லியிருக்கிறார்கள்.

முடியின் கருப்பு மேலே பூசிய பூச்சு கிடையாது. மீன் செதில் மாதிரி அடுக்கடுக்கான மேல்தோல் ஒன்று இருக்கிறது, அதற்கு உள்ளேதான் மெலனின் என்ற நிறத்துகள்கள் இருக்கின்றன. பார்லரில் ப்ளீச் போடும்போது இரண்டு வேலை நடக்கிறது. அம்மோனியா மாதிரியான காரம் முடியை ஊதவைத்து அந்தச் செதில்களைத் திறக்கிறது, ஹைட்ரஜன் பெராக்சைடு உள்ளே போய் மெலனினைச் சிதைக்கிறது. எலுமிச்சைச் சாறு காரமில்லை, கடும் அமிலம். செதிலைத் திறப்பதற்குப் பதிலாக இறுக்குகிறது. மெலனினைச் சிதைக்கும் வேலையைச் செய்வது வெயில், எலுமிச்சை அதற்குக் கொஞ்சம் கை கொடுக்கிறது, அவ்வளவுதான். வெளிர்பழுப்பு முடிக்காரர்களிடம் நிறத்துகள் ஏற்கெனவே குறைவு, அதில் கொஞ்சம் போனாலும் கண்ணுக்குத் தெரியும். நம் முடியில் அவ்வளவு அடர்த்தியாக இருப்பதால் அதே அளவு போனாலும் கருப்பு கருப்பாகவே நிற்கிறது.

இதை நான் வாயால் மட்டும் சொல்லவில்லை. போன கோடையில் சீப்பில் விழுந்த முடிகளைச் சேர்த்து, விரல் நீளத்துக்கு ஐந்து கற்றை கட்டினேன். ஒன்றை எதுவும் செய்யாமல் அலமாரிக்குள் வைத்தேன். மற்ற நான்கையும் முறையே வெறும் தண்ணீர், எலுமிச்சைச் சாறு, தண்ணீர் கலந்த தேன், கெட்டியான கேமோமைல் கஷாயம் ஆகியவற்றில் நனைத்து தினமும் இரண்டு மணி நேரம் மொட்டைமாடி வெயிலில் காயப் போட்டேன். பதினைந்து நாள் கழித்து ஜன்னல் பக்கம் வெள்ளைத் தாள் மேல் வரிசையாக வைத்துப் பார்த்தபோது, தண்ணீரில் நனைத்ததே அலமாரிக் கற்றையைவிட ஒரு துளி பழுப்பாக இருந்தது. எலுமிச்சைக் கற்றையின் நுனியில் அதைவிடக் கொஞ்சம் செம்மை, ஆனால் தொட்டால் சொரசொர. தேன் கற்றைக்கும் தண்ணீர்க் கற்றைக்கும் என்னால் வித்தியாசம் சொல்ல முடியவில்லை. கேமோமைல் கற்றையும் அப்படித்தான், ஆனால் அதில் என் நரை முடி மூன்று இருந்தது, அந்த மூன்றும் வெளிறிய மஞ்சளாகி இருந்தன.

எலுமிச்சைக் கற்றையில் வந்த அந்தச் செம்மைக்கு நம் வீடுகளில் ஏற்கெனவே ஒரு பெயர் உண்டு, செம்பட்டை. அதைப் போக்கத்தான் அம்மாக்கள் எண்ணெய் வைத்தார்கள். நீங்கள் முதலில் எலுமிச்சையை நிறுத்துங்கள், குளித்தபின் கண்டிஷனர் போடுங்கள், நுனி ரொம்ப வெடித்திருந்தால் அரை அங்குலம் வெட்டிவிடுங்கள்.

கேள்வி: பாதி எலுமிச்சைக்குப் பதிலா நாலு எலுமிச்சை போட்டா சீக்கிரம் வெளுக்குமா?

வெளுக்காது. முடிதான் இன்னும் சீக்கிரம் வறண்டு போகும்.

கேள்வி: தேன் பட்டா முடி நரைச்சிடும்னு எங்க பாட்டி தலைப் பக்கமே தேனைக் கொண்டுவர விடமாட்டாங்க. அது உண்மைன்னா, கொஞ்சமா தடவினா பிரவுன் ஆகணும் இல்லையா? (திருச்சி)

நல்ல கேள்வி. பாட்டி சொன்னது உண்மையாக இருந்தால் தேன் எடுக்கிறவர்கள் எல்லாருக்கும் தலை வெளுத்திருக்க வேண்டும். தேன் முடியை நரைக்க வைப்பதில்லை.

ஆனால் தேனுக்குள் பெராக்சைடு இருக்கிறது என்று சொல்கிறார்களே, அது பொய் இல்லை. தேனீ சேர்க்கும் ஒரு நொதி, தேனோடு தண்ணீர் கலக்கும்போது கொஞ்சம் ஹைட்ரஜன் பெராக்சைடை உண்டாக்குகிறது. பார்லரில் வெளுக்கப் பயன்படுத்துவது 6 சதவீதம், 9 சதவீதம் என்ற கணக்கில். தேனில் வருவது அதைவிடப் பல நூறு மடங்கு குறைவு. அதுவும் சூடாக்கினால் நொதி கெட்டுவிடும். கடையில் கிடைக்கும் தேன் பெரும்பாலும் சூடுபடுத்தி வடிகட்டியது, அதை வெந்நீரிலோ கொதிக்கிற கேமோமைல் டீயிலோ கலக்கினால் இருந்த கொஞ்சமும் போய்விடும். உள்ளே போக வழி திறக்கும் காரமும் தேனில் இல்லை. தேனைச் சாப்பிடுங்கள்.

கேள்வி: கேமோமைல் உலர்பூ 100 கிராம் 680 ரூபாய். 'கருப்பு முடிக்கும் ஏற்றது, மூன்றே அலசலில் இரண்டு ஷேட் குறையும்'னு போட்டிருந்தாங்க. ஆறு தடவை அலசிட்டேன், ஒண்ணும் இல்ல. பாக்கெட் திறந்தாச்சு, பணம் தர முடியாதுங்கறாங்க. எனக்கு அது மூணு நாள் சம்பளம். (மதுரை)

மூன்று நாள் உழைப்பை விடாதீர்கள், நியாயம் உங்கள் பக்கம் இருக்கிறது.

கேமோமைல் பூவில் அபிஜெனின் என்ற மஞ்சள் நிறப் பொருள் இருக்கிறது. அது முடியை வெளுப்பதில்லை, முடியின் மேல் மெல்லிய மஞ்சள் சாயமாக ஒட்டுகிறது. வெளிர் முடியில் அது பொன்னிறமாகத் தெரியும், என் நரை முடி மூன்றும் மஞ்சளானது அதனால்தான். கருப்புத் துணியை மஞ்சள் தண்ணீரில் முக்கினால் என்ன தெரியுமோ அதுதான் கருப்பு முடியிலும் தெரியும். ஆகவே 'இரண்டு ஷேட் குறையும்' என்பது நடக்கவே முடியாத வாக்குறுதி.

2020-ல் வந்த மின்வணிக நுகர்வோர் விதிகளின்படி, விளம்பரத்தில் சொன்ன தன்மை பொருளில் இல்லையென்றால் விற்பவர் திரும்ப எடுக்கவோ பணம் தரவோ மறுக்கக் கூடாது. பாக்கெட்டைத் திறக்காமல் இந்தக் குறையை யாரும் கண்டுபிடிக்கவும் முடியாது, இதை அப்படியே எழுதுங்கள். அந்த விளம்பர வரியை இன்றைக்கே ஸ்க்ரீன்ஷாட் எடுத்து வையுங்கள், நாளைக்கு மாற்றிவிடுவார்கள். தளத்தின் குறைதீர்க்கும் அதிகாரிக்கு எழுதினால் 48 மணி நேரத்துக்குள் பெற்றுக்கொண்டதாகச் சொல்ல வேண்டும், ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். இல்லாவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அதிலும் நடக்கவில்லை என்றால் உங்கள் மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலேயே வழக்குப் போடலாம், இவ்வளவு சின்னத் தொகைக்குக் கட்டணமே கிடையாது.

மீதிப் பூவை அலசப் பயன்படுத்துவதாக இருந்தால் ஒரு எச்சரிக்கை. பார்த்தீனியம் செடி பட்டால் உங்களுக்கு அரிப்பு வரும் என்றால் இதைத் தொடாதீர்கள், இரண்டும் ஒரே குடும்பம்.

கேள்வி: இயற்கை ஸ்பிரேன்னு வாங்கினேன். பாட்டில் மேல எலுமிச்சை, கேமோமைல் படம். வெயில்ல போனதும் முன்முடி மட்டும் ஆரஞ்சு ஆயிடுச்சு. இயற்கைப் பொருள் எப்படி இப்படிப் பண்ணும்? (கோவை)

பண்ணாது. பாட்டிலைத் திருப்பிப் பாருங்கள், பின்னால் பொடி எழுத்தில் Hydrogen Peroxide என்று இருக்கும்.

எனக்கு வருஷக்கணக்காக ஆறாத கோபம் இது. முன்பக்கம் பூ, பழம், பச்சை இலை. பின்பக்கம் கண்ணாடி போட்டாலும் படிக்க முடியாத எழுத்தில் வேலை செய்கிற சரக்கு. நானும் இப்படி ஒரு பாட்டிலை 1,150 ரூபாய் கொடுத்து வாங்கி என் தங்கை மகளுக்குக் கொடுத்தேன். படத்தை மட்டும் பார்த்தேன், பட்டியலைப் படிக்கவில்லை. பரீட்சை முடிந்த சந்தோஷத்தில் அவள் பாட்டிலில் பாதியை அடித்துக்கொண்டு கடற்கரைக்குப் போய்விட்டாள், காதோரம் துரு நிறத்தில் இரண்டு பட்டை வந்தது. ஏழு மாதம் பின்னலுக்குள் மறைத்துக்கொண்டு திரிந்தாள். அந்தப் பணத்தைவிட அவள் முகம்தான் எனக்கு இன்னும் மறக்கவில்லை.

பெராக்சைடு இருப்பதே குற்றம் என்று நான் சொல்லவில்லை. அதை முன்னால் சொல்லியிருந்தால் அவளும் நீங்களும் ஒரு கற்றையில் முயன்று பார்த்திருப்பீர்கள். சேர்மானப் பட்டியலில் அதிகம் இருப்பது முதலில் வரும், ஒரு சதவீதத்துக்குக் கீழ் உள்ளவற்றை எந்த வரிசையிலும் போடலாம். Aqua முதலில், Hydrogen Peroxide அடுத்தடுத்து, Chamomilla என்று தொடங்கும் பெயர் வாசனைக்குப் பக்கத்தில் கடைசியில் என்று இருந்தால், படத்தில் உள்ள பூ பாட்டிலில் பெயருக்குத்தான் இருக்கிறது. ஆரஞ்சு வந்ததும் அதனால்தான். கருப்பு முடி வெளுக்கும்போது சிவப்பு, ஆரஞ்சு, மஞ்சள் என்று படிப்படியாகத்தான் போகும், ஸ்பிரேக்கு இருக்கும் பலம் பாதி வழியிலேயே தீர்ந்துவிடுகிறது. மறுபடி அடிக்காதீர்கள், ஹேர் டிரையர் காட்டாதீர்கள். பார்லரில் அந்த இடத்துக்கு மட்டும் அடர்நிறம் கொடுக்கச் சொல்லுங்கள். பாட்டிலை எறியாதீர்கள், முன்பக்கமும் பின்பக்கமும் படம் எடுத்துப் புகாரோடு அனுப்புங்கள்.

கேள்வி: தலையில எலுமிச்சை தடவி வெயில்ல நின்னேன். ரெண்டு நாள் கழிச்சு கழுத்துல ஒழுகின மாதிரியே சிவப்பா கோடு, இப்ப கருப்பா இருக்கு. (தூத்துக்குடி)

சாறு ஒழுகின தடம்தான் அது. எலுமிச்சையில், அதுவும் நம் ஊர்ச் சின்ன எலுமிச்சையில், வெயில் பட்டால் தோலைச் சுடும் பொருள்கள் இருக்கின்றன. உடனே தெரியாது, ஓரிரு நாளில் சிவந்து சில சமயம் கொப்புளமாகும், அப்புறம் கருக்கும். கருப்பு மறைய வாரங்கள், சிலருக்கு மாதங்கள் ஆகும். அந்த இடத்தில் வெயில் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள், எதையும் தேய்க்காதீர்கள். கொப்புளம் இருந்தால் தோல் மருத்துவரைப் பாருங்கள்.

கேள்வி: முடி வெளுக்கும் பொடி வாங்கினேன். பேர் ஞாபகம் இல்ல, கவரைக் கிழிச்சுட்டேன், பில்லும் இல்ல. பணம் திரும்பக் கிடைக்க வழி சொல்லுங்க.

என்ன பொருள், யாரிடம் வாங்கியது என்பதே தெரியாமல் யார் மேல் புகார் கொடுப்பது? யூபிஐ-யில் கட்டியிருந்தால் கடை பெயர் அதில் இருக்கும், தேடிப் பாருங்கள். பெயரே தெரியாத பொடியைத் தலையில் போட்டதுதான் எனக்குப் பணத்தைவிடப் பெரிய கவலை.

கேள்வி: அப்போ கருப்பு முடி பிரவுன் ஆக என்னதான் வழி? (சேலம்)

லேசான பழுப்பு போதும் என்றால் பெராக்சைடோடு வரும் நிரந்தர ஹேர் கலர். நன்றாக வெளுக்க வேண்டும் என்றால் பார்லரில் ப்ளீச். இரண்டுக்கும் 48 மணி நேரம் முன்பு காதுக்குப் பின்னால் கொஞ்சம் தடவிப் பாருங்கள். மருதாணியோ கருப்புச் சாயமோ போட்டிருந்தால் மறைக்காமல் சொல்லுங்கள், சில மருதாணிப் பொடிகளில் உலோக உப்பு கலந்திருக்கும், அது பெராக்சைடோடு சேர்ந்தால் சூடேறி முடி அறுந்துவிடும். பிடரியில் ஒரு கற்றையை மட்டும் முதலில் வெளுத்துக் காட்டச் சொல்லுங்கள். அதற்கு மறுக்கிற கடையில் முன்பணம் கட்டாதீர்கள்.