பீரியட்ஸுக்கு முன்னும் பின்னும் காபிக் கலர்

"27 வயசு. பீரியட்ஸுக்கு முந்தின நாளும், முடியும்போது ரெண்டு நாளும் காபிக் கலர்ல படுது. கர்ப்பப்பையில கோளாறா?"

இல்லைங்க, பெரும்பாலும் அது பழைய ரத்தம்தான். வெள்ளைத் துணியில் பட்ட ரத்தக்கறை காய்ந்ததும் பழுப்பாகுமே, அதேதான் உள்ளேயும் நடக்குது. ஆரம்பத்திலும் கடைசியிலும் ரத்தம் சொட்டுச் சொட்டாக மெதுவாக வருவதால், வெளியே வருமுன் அதிலுள்ள இரும்புச்சத்து ஆக்சிஜனோடு சேர்ந்து நிறம் மாறிடும். நடுநாட்களில் வேகமாக வருவதால் சிவப்பாகவே இருக்கு. லேசான வாடை இருக்கலாம். அழுகல் நாற்றம் இருக்கக் கூடாது.

நாள் கணக்கில் ஒரு விஷயம் கவனிங்க: பழுப்பு பட்ட நாளை முதல் நாளாக எண்ணாதீங்க. பேடு வைக்கும் அளவு சிவப்பாக வந்த நாள்தான் முதல் நாள். 5ஆம் தேதி பழுப்பு, 6ஆம் தேதி சிவப்பு என்றால் 6 என்று குறிங்க.

மூன்று நாலு நாளுக்கு மேல் பழுப்பு மாதாமாதம் நீடித்தாலோ, உறவுக்குப் பிறகு பட்டாலோ, நாற்றம், காய்ச்சல் இருந்தாலோ மகப்பேறு மருத்துவரைப் பாருங்க. தேதி தள்ளிப்போய் வெறும் பழுப்பு மட்டும் பட்டால் முதலில் கர்ப்பப் பரிசோதனை. கூடவே அடிவயிற்றில் ஒரு பக்கம் கடுமையாக வலித்தாலோ மயக்கம் வந்தாலோ அன்றைக்கே ஆஸ்பத்திரி போங்க. கரு கர்ப்பப்பைக்குள் வராமல் கருக்குழாயிலேயே தங்கியிருக்கலாம்.