வெங்காயம் எத்தனை, சோளம் எத்தனை: கோடு போட்டுப் பார்த்தால்

கேள்வி: ஐயா, செட்டிகுளம் பக்கம் ஆறு ஏக்கர், ஒரு கிணறு, 5 எச்.பி. மோட்டார். சின்ன வெங்காயமும் மக்காச்சோளமும் போடுவேன். வாரத்துக்கு 32 மணி நேரம் இறைக்கலாம். வெங்காயத்துக்கு ஏக்கருக்கு வாரம் 8 மணி, சோளத்துக்கு 4 மணி வேண்டும். செலவு வெங்காயத்துக்கு 60,000, சோளத்துக்கு 20,000. கையில் 2,20,000 இருக்கிறது. செலவு போக வெங்காயம் 50,000, சோளம் 30,000 நிற்கும். பிளஸ் ஒன் படிக்கும் மகள் வரைபடம் போட்டு வெங்காயம் இரண்டரை, சோளம் மூன்றரை ஏக்கர், லாபம் 2,30,000 என்கிறாள். தாளைப் படமெடுத்து அனுப்பியிருக்கிறேன். சரியா? மோட்டார் கடைக்காரர் 7.5 எச்.பி. மாற்றினால் இன்னும் கூடும் என்கிறார். உரக்கடையில் கடனும் தருகிறார்கள். தண்ணீர் பத்தாமல் போய்விடுமோ என்று பயமாக இருக்கிறது. — பெரம்பலூர் மாவட்ட விவசாயி

பதில்: உங்கள் பயம் சரி, மகளின் விடை தப்பு. ஆனால் நிலம், தண்ணீர், பணம் என்று கோடுகள் மூன்றையும் அவர் ஒழுங்காகத்தான் போட்டிருக்கிறார். இரண்டரை ஏக்கர் வெங்காயத்துக்கு 20 மணி, மூன்றரை ஏக்கர் சோளத்துக்கு 14 மணி, மொத்தம் 34. உங்கள் கிணறு தருவது 32. அந்தப் புள்ளி நிலக் கோடும் பணக் கோடும் வெட்டுகிற இடம், ஆனால் தண்ணீர்க் கோட்டுக்கு வெளியே நிற்கிறது. கோடுகள் வெட்டுகிற இடமெல்லாம் மூலைப் புள்ளி ஆகிவிடாது.

ஏன் கண்ணில் படவில்லை என்பது படத்திலேயே தெரிகிறது. ஏக்கருக்கு ஒரு சென்டிமீட்டர் என்று அளவு வைத்திருக்கிறார். அந்த அளவில் தண்ணீர்க் கோடு அந்தப் புள்ளியிலிருந்து இரண்டு மில்லிமீட்டர் தள்ளித்தான் போகிறது. போதாததற்கு ஒவ்வொரு கோட்டுக்கும் ஏற்புடைய பக்கத்தை ஒன்றின் மேல் ஒன்றாக நிழலிட்டிருக்கிறார். மூன்று நிழலும் சேர்கிற இடம் எது, இரண்டு மட்டும் சேர்கிற இடம் எது என்று யாருக்குத் தெரியும்? நான் எப்போதும் தலைகீழாகத்தான் செய்வேன். ஆகாத பக்கத்தை நிழலிட்டு அடித்துவிட வேண்டும். கடைசியில் வெள்ளையாக மிஞ்சுவதுதான் ஏற்புடைய பகுதி.

ஏக்கருக்கு இரண்டு சென்டிமீட்டர் வைத்து மறுபடி போடச் சொல்லுங்கள். கிடையச்சில் வெங்காயம், நிலையச்சில் சோளம். நிலக் கோடு இரண்டு அச்சிலும் 6-ஐத் தொடும். தண்ணீர்க் கோடு வெங்காய அச்சில் 4, சோள அச்சில் 8. பணக் கோடு சோள அச்சில் 11 வரை ஏறும். தாள் பத்தாது என்றால் (2, 5), (3, 2) இரண்டு புள்ளியையும் சேர்த்து இழுத்தால் போதும். ஒன்றுமே விதைக்காத (0, 0) மூன்று கட்டுப்பாட்டுக்கும் உட்பட்டது, ஆகவே ஒவ்வொரு கோட்டுக்கும் அதற்கு எதிர்ப்பக்கத்தை அடியுங்கள்.

வெள்ளையில் ஐந்து மூலை மிஞ்சும். அதிக லாபம் ஏதாவது ஒரு மூலையில் கிடைத்துவிடும், அதனால் இந்த ஐந்தை மட்டும் பார்த்தால் போதும். (0, 0)-ல் லாபமே இல்லை. ஆறும் சோளம் என்றால் 1,80,000. இரண்டு வெங்காயம், நாலு சோளம் என்றால் 2,20,000. மூன்று வெங்காயம், இரண்டு சோளம் என்றால் 2,10,000. வெங்காயம் மட்டும் என்றால் பணம் மூன்றே முக்கால் ஏக்கருக்குச் சற்றுக் குறைவாகத்தான் வரும், லாபம் 1,83,000 சொச்சம். ஆக உங்கள் மூலை (2, 4). சரிபார்க்க ஒரு வழி: வெங்காய அச்சில் 3, சோள அச்சில் 5 வைத்து ஒரு கோடு போடுங்கள், அதன்மேல் எங்கே நின்றாலும் லாபம் 1,50,000. அளவுகோலைச் சாய்வு மாறாமல் வெளிப்பக்கம் நகர்த்தினால், வெள்ளையைவிட்டு விலகும்முன் கடைசியாக (2, 4)-ல் உரசும்.

அந்தச் சாய்வில்தான் நீங்கள் கேட்க மறந்த கேள்வி இருக்கிறது. வெங்காய விலை யார் சொல் கேட்கும்? ஏக்கர் லாபம் 50,000 என்பது மாறினால் மூலையும் மாறுமா? வெங்காய லாபம் சோள லாபத்துக்குச் சமத்திலிருந்து இரண்டு மடங்கு வரை எங்கே இருந்தாலும் (2, 4) அசையாது. அதாவது சோளம் 30,000 என்றால் வெங்காயம் 30,000 முதல் 60,000 வரை. இரண்டு மடங்கைத் தாண்டினால் (3, 2), மூன்று மடங்கையும் தாண்டினால் வெங்காயம் மட்டும். படைப்புழு விழுந்து சோள லாபம் 20,000-க்கு இறங்கினாலும் விகிதம் இரண்டரை ஆகி (3, 2)-க்குத்தான் போவீர்கள். விலையைத் துல்லியமாக ஊகிக்க வேண்டாம், இந்த விகிதத்தை மட்டும் பாருங்கள்.

இனி மோட்டார். கிணற்றுப் பாசனக்காரர் ஒருவரிடம் பெரிய மோட்டாரை விற்பது போன்ற சுலபமான வியாபாரம் வேறு இல்லை. தண்ணீர் சீறிக்கொண்டு விழுவதைக் காட்டினால் போதும், பணம் கைமாறிவிடும். ஆனால் தண்ணீரைத் தருவது ஊற்று, மோட்டார் அல்ல. 7.5 எச்.பி. போட்டால் ஒரு ஏக்கர் வெங்காயம் 8 மணிக்குப் பதில் ஐந்தரை மணியில் பாயும் என்றே வைப்போம். கிணறும் 32 மணிக்குப் பதில் 22 மணியில் வற்றும். 32-ஐ 8-ஆல் வகுத்தாலும் 22-ஐ ஐந்தரையால் வகுத்தாலும் 4தான். வெங்காய அச்சில் கோடு அதே இடத்தைத்தான் தொடுகிறது. காசு போகும், கோடு நகராது.

அந்த 32 மணியையே நான் நம்பமாட்டேன். ஒரு நாள் ஓட்டிப் பார்த்து ஏழால் பெருக்கினீர்களா? முதல் நாள் வருவது கிணற்றில் தேங்கி நின்ற தண்ணீர். பருவமழை ஓய்ந்து மூன்று வாரம் கழித்து, ஏழு நாளும் தொடர்ந்து இறைத்து, மோட்டார் காற்று இழுக்கும்வரை ஓடிய மணிகளைக் குறித்துக் கூட்டுங்கள். அந்த எண்ணில்தான் கோடு போட வேண்டும். அது 28 என்று வந்தால் மூலை ஒரு ஏக்கர் வெங்காயம், ஐந்து ஏக்கர் சோளத்துக்கு நகர்ந்து, லாபம் 2,00,000 ஆகும். நாலு மணி தப்பாக எழுதியதற்கு இருபதாயிரம். இரண்டு பயிரையும் ஒரே வாரத்தில் போட்டால், வெங்காயம் காய் பெருக்குகிற நேரமும் சோளம் பூவெடுக்கிற நேரமும் ஏறக்குறைய ஒன்றாக வந்துவிடும். உங்கள் 8, 4 இரண்டும் அந்த வாரங்களின் தேவைதானா என்றும் பாருங்கள்.

உரக்கடைக் கடன் இந்த ஆண்டு உங்களுக்குத் தேவையே இல்லை. (2, 4)-ல் செலவு 2,00,000தான். 20,000 கையில் மிஞ்சுகிறது. அந்த மூலையில் பணக் கோடு தொடவே இல்லை. அதை இன்னும் வெளியே தள்ளுவதற்கு வட்டி கட்டுவானேன்? கடனோடு அவர்கள் தலையில் கட்டுகிற டானிக் பாட்டில்கள் வேறு.

மகளின் புள்ளியைப் பிடிக்க வழி இருக்கிறது. சோளத்தை 4 மணியிலேயே விட்டு, வெங்காயத்துக்கு 8 மணியை 7 மணி 12 நிமிடமாகக் குறைத்தாலே இரண்டரை, மூன்றரைக்கு 32 மணி சரியாகப் போதும். மண் வாய்க்காலில் ஊறிப் போகிற தண்ணீரை நிறுத்தினால் அந்த 48 நிமிடம் கிடைக்கலாம். வெங்காயத் துண்டு வரைக்கும் குழாய் போட்டு, ஒரு ஏக்கர் பாய எவ்வளவு நேரம் ஆகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். அந்த எண்ணை வைத்து மகளைத் தண்ணீர்க் கோட்டை மறுபடி இழுக்கச் சொல்லுங்கள். அதில் உங்களுக்குக் கூடுதலாகக் கிடைப்பது ஒரு பருவத்துக்கு 10,000 ரூபாய். குழாய்ச் செலவை அதோடு ஒப்பிட்டுப் பார்த்துவிட்டு வாங்குங்கள்.