சின்ன ஹோட்டல் ரிசப்ஷனுக்கு ஷிப்ட் போடுவது எப்படி?

"தர்மபுரியில் 20 ரூம் ஹோட்டல், ரிசப்ஷனில் நாலு பேர். காலை செக்-அவுட், மதியம் செக்-இன் இரண்டுக்கும் ஆள் பத்தவில்லை. எப்படிப் பிரிப்பது?"

காலை 7–3, மதியம் 3–11, இரவு 11–7 என்றால் வாரத்துக்கு 21 ஷிப்ட். நாலு பேர் ஆளுக்கு 6 நாள் வந்தால் 24. மிஞ்சும் மூன்றை 10–6 என்று நடுவில் போடுங்கள். பகல் 12 மணி செக்-அவுட், 2 மணி செக்-இன் இரண்டுக்கும் அந்த ஒருவர் கைகொடுப்பார். ஒகேனக்கல் கூட்டம் வரும் சனி, ஞாயிறு, அப்புறம் ஒரு முகூர்த்த நாள் போதும்.

இரவு 11–7 ஷிப்ட் ஆள் செய்யும் நைட் ஆடிட் என்பது அன்றைய கணக்கை மூடுவது: ஒவ்வொரு ரூம் பில்லிலும் வாடகையை ஏற்றி, ரொக்கம், கார்டு, யுபிஐ தொகையைச் சரிபார்ப்பது. கடைசி ட்ரிப் முடிந்து கண்டக்டர் கணக்குக் கட்டுவது மாதிரி. பில்கள் அசையாத நேரம் வேண்டும், அதனால்தான் நள்ளிரவுக்குப் பிறகு.

இரவு ஆள் வெறும் காவலுக்கு என்று பலர் நினைக்கிறார்கள். அவர் ஒரு ரூம் வாடகையை ஏற்றாமல் விட்டால், காலை கவுண்டரில் பில் இடித்து வரிசை நீளும்.