‘கவனமாகப் பார்த்துக்கொள்ளவும்’ என்று எழுதிக் கெட்டவன் நான்

கேள்வி: ஏழு வயது மகனுக்கு வலது காலில் மாவுக்கட்டு. திங்கட்கிழமை முதல் பள்ளிக்கு அனுப்பலாம் என்று மருத்துவர் சொல்லிவிட்டார். வகுப்பாசிரியைக்குக் கடிதம் கொடுக்க வேண்டும். அதில் என்னவெல்லாம் எழுதுவது?

இந்தக் கடிதத்தை நான் மூன்று முறை எழுதியிருக்கிறேன். மூன்றில் மிக அழகானது முதல் கடிதம். அதனால் ஒரு பயனும் இல்லை.

என் மகளுக்கு அப்போது ஒன்பது வயது. முழங்காலுக்குக் கீழே இருக்கும் பெரிய எலும்பில் முறிவு. தொடையிலிருந்து பாதம் வரை கட்டு. முழங்கால் சற்று மடங்கிய நிலையில் இருந்தது. ஒரு வாரம் வீட்டில் படுக்க வைத்து, எட்டாம் நாள் பள்ளிக்கு அனுப்பினோம். கையில் கொடுத்துவிட்ட கடிதத்தில் ‘தாங்கள் அருள்கூர்ந்து குழந்தையைக் கவனமாகப் பார்த்துக்கொள்ளுமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்’ என்று எழுதியிருந்தேன். ஆசிரியையும் நான் கேட்டதை அப்படியே செய்தார். காலை முதல் மாலை வரை அவளை இடத்தைவிட்டு அசையவே விடவில்லை. யாராவது தடுக்கி விழுந்துவிடுவார்கள் என்று அவளுடைய ஊன்றுகோல்களை வாங்கி வகுப்பின் மூலையில் சாத்திவிட்டார்.

மாலையில் வீட்டுக்கு வந்தாள். கட்டுக்கு வெளியே தெரிந்த ஐந்து விரல்களும் உப்பிப் பளபளத்தன. விரலுக்கும் விரலுக்கும் நடுவே இடைவெளியே தெரியவில்லை. நாள் முழுக்கக் கால் பெஞ்சிலிருந்து தொங்கியபடி இருந்திருக்கிறது. தண்ணீர் பாட்டில் நான் நிரப்பிக் கொடுத்தபடியே திரும்பி வந்தது. குடித்தால் கழிப்பறைக்குப் போக வேண்டுமே, போவதற்கு ஊன்றுகோலைக் கேட்க வேண்டுமே என்று குடிக்காமலே இருந்திருக்கிறாள்.

உடனே சிலர் ‘ஆசிரியரைக் குறை சொல்ல வந்துவிட்டான்’ என்று கிளம்புவார்கள். இல்லை ஐயா. என் தாயார் முப்பது ஆண்டுகள் பள்ளி ஆசிரியையாக இருந்தவர். நாற்பது பிள்ளைகளை வைத்துக்கொண்டு ஒரு கட்டுக்காலையும் பார்ப்பது என்ன வேலை என்று எனக்குத் தெரியும். தவறு என் கடிதத்தில்தான். ‘கவனமாக’ என்ற சொல்லுக்கு அவருக்குத் தெரிந்த ஒரே பொருள், ஆடாமல் அசையாமல் உட்கார வைப்பது. எனக்கு வேண்டியிருந்தது வேறு.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். நான் மருத்துவன் அல்ல. உங்கள் மகனின் கட்டு முழங்காலுக்குக் கீழே மட்டும் இருக்கலாம், கணக்கு மாறும். எழுதுவதற்கு முன் மருத்துவரிடம் ஒரே ஒரு கேள்வியைத் தெளிவாகக் கேட்டு, பதிலைச் சீட்டில் எழுதி வாங்குங்கள். அந்தக் காலைத் தரையில் ஊன்றலாமா, கூடாதா? அறவே ஊன்றக்கூடாது என்பது ஒன்று. நிலை தடுமாறாமல் இருக்க விரல் நுனியால் தொட்டுக்கொள்ளலாம் என்பது ஒன்று. வலிக்காத அளவுக்குப் பாரம் வைத்து நடக்கலாம் என்பது ஒன்று. கடிதத்தில் மற்ற எல்லாமே இதிலிருந்துதான் வரும். பெற்றோர் சொன்னால் ‘அளவுக்கு மீறிப் பயப்படுகிறார்கள்’ என்று தோன்றும் விஷயம், மருத்துவர் கையெழுத்தோடு போனால் மறுபேச்சு இல்லாமல் நடக்கும்.

அன்றிரவு காலை உயர்த்தி வைத்துப் படுக்க வைத்ததும் வீக்கம் வடிந்தது. வடிந்த பிறகு உட்கார்ந்து எழுதிய இரண்டாவது கடிதம் இது. பெயர்களை மட்டும் எடுத்துவிட்டுத் தருகிறேன்.

‘மதிப்பிற்குரிய ஆசிரியை அவர்களுக்கு, வணக்கம். இடது காலை என் மகள் தரையில் அறவே ஊன்றக்கூடாது. மருத்துவரின் சீட்டு இணைப்பில் உள்ளது. இந்த விவரங்கள் வரும் 21ஆம் தேதி வரைக்குமானவை. அன்று மருத்துவர் பார்த்தபின் புதிய கடிதம் தருகிறேன்.

வகுப்பில் இடது ஓர இருக்கையும், காலை நீட்டி வைக்க அதே உயரத்தில் இன்னொரு நாற்காலியும் தேவை. தலையணை கொடுத்து அனுப்பியிருக்கிறேன். அதைக் கெண்டைக்காலுக்குக் கீழே வைத்தால் போதும். குதிகால் எதிலும் அழுந்தாமல் வெளியே நிற்க வேண்டும். ஊன்றுகோல்கள் எப்போதும் அவள் கைக்கு எட்டும் இடத்தில் இருக்கட்டும். மணி அடிப்பதற்கு ஐந்து நிமிடம் முன்னதாக, பையைத் தூக்கிக்கொள்ள ஒரு தோழியுடன் அவளை அனுப்பிவிடுங்கள். காலை வழிபாட்டில் நிற்க வேண்டாம்; வகுப்பிலேயே இருக்கட்டும். விளையாட்டு வகுப்பில் மைதான ஓரத்தில் உட்கார வைக்காமல் நூலகத்துக்கு அனுப்பினால் நல்லது.

காலை இடைவேளையிலும் மதியமும் அவள் கேட்காவிட்டாலும் உதவியாளர் அம்மாவுடன் கழிப்பறைக்கு அனுப்ப வேண்டுகிறேன். அவளால் குந்தி உட்கார முடியாது. ஆசிரியர்கள் பயன்படுத்தும் உட்காரும் வகைக் கழிப்பறை தேவைப்படும்.

மதியம் ஒரு முறை அவளுடைய கால்விரல்களைப் பாருங்கள். வலது கால் விரல்களோடு ஒப்பிட்டால் போதும். இடது கால் விரல்கள் வெளுத்தோ நீலம் பாரித்தோ சில்லிட்டோ இருந்தாலும், மரத்துப்போனதாகச் சொன்னாலும், விரலை அசைக்க முடியாவிட்டாலும், காலை உயர்த்தி வைத்தும் வலி கூடிக்கொண்டே போனாலும் மாலை வரை காத்திருக்காமல் உடனே என்னை அழையுங்கள். வலி மாத்திரை கொடுக்க வேண்டாம். கட்டு நனைந்தாலும் விரிசல் விட்டாலும் தகவல் சொன்னால் போதும். வந்து அழைத்துப் போகிறேன்.’

அவ்வளவுதான், ஒரு பக்கம். இதில் எந்த வரியையும் குறைக்கலாம், விரல்களைப் பற்றிய வரிகளைத் தவிர. கட்டு போட்ட பிறகும் உள்ளே வீக்கம் கூடலாம். தோலாக இருந்தால் விரிந்துகொடுக்கும், மாவுக்கட்டு கொடுக்காது. உள்ளே அழுத்தம் ஏறினால் தசைக்கும் நரம்புக்கும் போகும் ரத்தம் குறைந்துபோகும். அது மணிக்கணக்கில் சேதம் செய்யும் சங்கதி, நாள்கணக்கில் அல்ல. அதன் முதல் அடையாளம் பெரும்பாலும் நிறம் அல்ல, வலிதான்: முறிந்ததற்கு இவ்வளவு வலிக்கக் கூடாதே என்று தோன்றும் வலி, விரலை மெல்ல நீட்டிவிட்டாலே துடிக்கும் வலி. மாத்திரை கொடுத்து அதை அமுக்கிவிட்டால் தெரிய வேண்டியது தெரியாமல் போய்விடும். அதனால்தான் அந்த வரி. முதல் சில நாட்களில்தான் இந்த ஆபத்து அதிகம் என்றாலும் நான் கடைசி வாரம் வரை அந்தப் பத்தியை எடுக்கவில்லை.

ஆசிரியைக்கு நேரில் ஒன்றைச் செய்தும் காட்டினேன். பெருவிரல் நகத்தை அழுத்தினால் வெளுக்கும். விட்டதும் இரண்டு விநாடிக்குள் பழைய சிவப்பு திரும்ப வேண்டும். தன் கை நகத்தில் அழுத்திப் பார்த்துவிட்டு, பிறகு அவள் கால் நகத்தில் அழுத்தினார். மறுநாள் முதல் வகுப்பில் பாதிப் பிள்ளைகள் ஒருவர் நகத்தை ஒருவர் அழுத்திக்கொண்டிருந்தார்களாம்.

நான் எழுத மறந்தது இரண்டு. ஒன்று, அரிப்பு. கட்டுக்குள் அரித்தால் பிள்ளைகள் அடிக்கோலை உள்ளே விட்டுச் சொறிவார்கள். தோல் கீறினால் உள்ளே புண்ணாகி, நாற்றம் வந்த பிறகுதான் வெளியே தெரியும். என் மகள் விட்டது பென்சில்; நல்ல வேளையாக முனை உடைவதற்குள் ஆசிரியை பார்த்துவிட்டார். இன்னொன்று, ஈரத்தரை. ஊன்றுகோலின் அடியில் இருக்கும் ரப்பர், தண்ணீர் பட்ட தரையில் சோப்பு போல வழுக்கும். கை கழுவும் இடத்துக்கு அருகே ஒரு முறை சறுக்கி, சுவரைப் பிடித்துத் தப்பித்தாள். உங்கள் கடிதத்தில் இரண்டையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

வகுப்பு மாடியில் இருந்தால் கடிதத்தின் ஒரு நகல் தலைமை ஆசிரியருக்கும் போக வேண்டும். வகுப்பைக் கீழ்த்தளத்துக்கு மாற்றும் அதிகாரம் வகுப்பாசிரியைக்குக் கிடையாது. தீ விபத்து போன்ற அவசரத்தில் உங்கள் மகனை யார் கீழே கொண்டுவருவது என்பதையும் அப்போதே பேசிவிடுங்கள். எங்களுக்கு வகுப்பு மாறப் பத்து நாள் ஆயிற்று. அதுவரை அவள் படியில் உட்கார்ந்து, கையை ஊன்றி, ஒவ்வொரு படியாகப் பின்னோக்கி ஏறினாள். பார்க்கப் பரிதாபமாக இருந்தாலும் சின்னப் பிள்ளைகளுக்கு ஊன்றுகோலோடு படியேறுவதைவிட அது பாதுகாப்பு.

இதற்கும் கேள்விக்கும் தொடர்பில்லை. ஆனாலும் சொல்லாமல் விட மனம் வரவில்லை. இரண்டாவது கடிதத்தின் அடியில் என் பெயரையும் எண்ணையும் எழுதி, ‘முதலில் தந்தையை அழைக்கவும்’ என்று அடிக்கோடிட்டிருந்தேன். என் மனைவிக்கு வேலை நேரத்தில் தொலைபேசியை எடுக்க அனுமதி இல்லை. அந்த ஆறு வாரத்தில் பள்ளியிலிருந்து வந்த அழைப்புகளில் ஒன்றுகூட எனக்கு வரவில்லை. எல்லாம் அவளுக்கே. நான் நேரில் போய் நின்றாலும் ‘அம்மா வரவில்லையா?’ என்பதுதான் முதல் கேள்வி. கட்டு மாற்ற அழைத்துப் போனதும் நான், இரவில் தலையணையைச் சரிசெய்ததும் நான். பள்ளிப் பதிவேட்டில் மட்டும் அப்பா என்பவர் கட்டணம் கட்டும் ஆள். போகட்டும். நீங்கள் எந்த எண்ணில் உடனே கிடைப்பீர்களோ அந்த ஒரு எண்ணை மட்டும் எழுதுங்கள். இரண்டு எழுதினால் தவறானதைத்தான் அழைப்பார்கள்.

மூன்றாவது கடிதத்தைப் பலரும் எழுதுவதில்லை, நானும் எழுதியிருக்கமாட்டேன். கட்டைப் பிரித்த மறுநாள் காலணி போட்டுக்கொண்டு பள்ளிக்குப் போனாள். கட்டு இல்லை என்றால் கால் சரியாகிவிட்டது என்று பொருள், இல்லையா? விளையாட்டு வகுப்பில் வரிசையில் நிற்க வைத்து ஓடச் சொல்லியிருக்கிறார்கள். ஆறு வாரம் அசையாமல் கிடந்த கால், மற்றதைவிட மெலிந்து, முழங்கால் முழுசாக மடங்காமல் விறைத்திருந்தது. நான்கு அடி ஓடி உட்கார்ந்துவிட்டாள். அடி ஒன்றும் இல்லை, பயம்தான். அன்று மாலையே எழுதினேன்: ஓட்டம், குதித்தல், பந்து விளையாட்டு எதுவும் மருத்துவர் தேதி குறித்துத் தரும்வரை கூடாது, வகுப்புக்குள்ளும் தாழ்வாரத்திலும் நடக்கலாம், நடக்கத்தான் வேண்டும், நொண்டுவதைப் பார்த்துப் பதற வேண்டாம், சில வாரம் அப்படித்தான் இருக்கும்.

அந்தக் கடிதத்தை உடற்கல்வி ஆசிரியரிடம் நானே நேரில் கொண்டுபோய்க் கொடுத்தேன். முதல் இரண்டையும் அவர் பார்த்ததே இல்லையாம்.