நடுத்துண்டு யாருக்கு? ஏழு வருஷம் கழித்து வந்த தம்பியோடு ஒரு படம்

“தம்பி 2017 ஆகஸ்டில் கனடா போனான். படிப்பு, வேலை, நடுவில் கொரோனா, அப்புறம் பி.ஆர். பேப்பர் என்று ஏழு வருஷம் ஓடிவிட்டது. போன வாரம்தான் தூத்துக்குடிக்கு, அம்மா வீட்டுக்கு வந்தான். சாப்பிடும்போது என் தட்டிலிருந்த சீலா மீனை அவன் எடுக்கப் போக, நான் அவன் காதைப் பிடித்துத் திருக, என் மகள் அதைப் படம் எடுத்துவிட்டாள். சின்னதிலிருந்தே நடுத்துண்டுக்குத்தான் எங்களுக்குள் சண்டை. ‘குரங்கு ஊருக்கு வந்தாச்சு! ஏழு வருஷப் பிரிவுக்குப் பின் என் உயிர்த் தம்பியுடன்’ என்று எழுதினேன். அம்மாவுக்குக் குரங்கு பிடிக்கவில்லை. எனக்கு இரண்டாவது வரி பிடிக்கவில்லை. கிண்டலும் இருக்கணும், பாசமும் தெரியணும். எப்படி எழுதுவது?”
– தூத்துக்குடி வாசகி

முதலில் அம்மா சொன்னதிலிருந்து ஆரம்பிக்கிறேன், ஏனென்றால் அவர் சரியான இடத்தில்தான் முகம் சுளித்திருக்கிறார். குரங்கு என்ற சொல்லில் தப்பில்லை. வீட்டுக்குள் “வந்துட்டியாடா குரங்கே” என்று நீங்கள் கூப்பிட்டிருந்தால் அம்மாவே சிரித்திருப்பார். அந்த வரி நேராக அவனைப் பார்த்துப் பேசுகிறது, கூடவே ஒரு ‘டா’ ஒட்டிக்கொண்டு வருகிறது. நம் மொழியில் வசையைச் செல்லமாக்குவது பெரும்பாலும் அந்த ‘டா’, ‘டி’, ‘லே’தான். “குரங்கு ஊருக்கு வந்தாச்சு” என்று எழுதும்போது நீங்கள் அவனிடம் பேசவில்லை, ஊரிடம் அவனைப் பற்றிப் பேசுகிறீர்கள். ‘டா’ ஒட்ட அங்கே இடமே இல்லை. மிச்சம் நிற்பது குரங்கு மட்டும். அவனுடைய அலுவலக நண்பர்களும், நாளைக்குப் பெண் பார்க்கப் போகிற வீட்டுக்காரர்களும் அந்தக் குரங்கைத்தான் படிப்பார்கள். ஆகவே முதல் திருத்தம் சுலபமானது: கிண்டல் செய்கிற வாக்கியம் அவனைக் கூப்பிட்டுச் சொல்வதாக இருக்கட்டும்.

இரண்டாவது வரி உங்களுக்கு ஏன் பிடிக்கவில்லை என்றும் யோசித்தேன். பதினோரு வருஷம் ஒரு வார இதழில் படக்குறிப்பு எழுதினேன், இப்போது குடும்ப ஆல்பங்களுக்கு எழுதிக் கொடுக்கிறேன். அண்ணன் தம்பி, அக்கா தங்கை படம் என்றால் என்னிடம் வருகிற பத்து வரியில் எட்டு இந்த மாதிரிதான் இருக்கும்: மேலே ஒரு கிண்டல், அந்தக் கிண்டலுக்குப் பயந்து கீழே ஒரு பாச அறிவிப்பு. இரண்டும் ஒட்டாது. மேல் வரி சமையலறையில் நின்று பேசும், கீழ் வரி கல்யாண மண்டப பேனரில் நின்று பேசும். ‘உயிர்த் தம்பி’, ‘தொப்புள்கொடி உறவு’ எல்லாம் பேனருக்கு உரிய சொற்கள். ‘உடன்பிறப்பே’ என்று சிலர் ஆசையாக எழுதுவார்கள். கலைஞர் முரசொலியில் கட்சித் தொண்டர்களுக்கு எழுதிய கடிதங்களில் அப்படித்தான் விளித்தார். அதனால் அந்தச் சொல்லைப் பார்த்ததும் நம் ஊர்க்காரர்களுக்கு மேடையும் மைக்கும்தான் ஞாபகம் வரும். ‘ரத்தத்தின் ரத்தமே’ எழுதினாலும் அதே கதை, அது எம்.ஜி.ஆர். மேடை.

பாசத்துக்கென்று தனி வரி வேண்டாம். கிண்டல் செய்கிற பொருளுக்குள்ளேயே பாசம் இருக்கிற மாதிரி ஒரு பொருளைத் தேடிப் பிடியுங்கள். அது கிடைத்தால் முக்கால்வாசி வேலை முடிந்தது. உங்கள் விஷயத்தில் தேட வேண்டியதுகூட இல்லை. கடிதத்தில் போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்களே, அந்த நடுத்துண்டுதான்.

படத்தில் என்ன தெரிகிறது? தட்டு, மீன், அவன் கை, உங்கள் பிடியில் அவன் காது. இதையெல்லாம் வரியில் திரும்பச் சொல்ல வேண்டியதில்லை. படத்தில் தெரியாதது அந்த ஏழு வருஷம். ஆகவே உங்களையே ஒன்று கேட்டுக்கொள்ளுங்கள்: அவன் இல்லாத ஏழு வருஷமும் அம்மா வீட்டில் நடுத்துண்டு யார் தட்டில் விழுந்தது? உங்கள் தட்டில்தான். போட்டிக்கு ஆளே இல்லை. அப்படியானால் இத்தனை நாள் உங்களுக்கு லாபம், இன்றைக்குத்தான் நஷ்டம். அந்த நஷ்டத்தை முறைப்பாடாக எழுதுங்கள்:

ஏழு வருஷமா நடுத்துண்டு எனக்குத்தான் வந்துச்சு.
இன்னிக்கு மறுபடியும் வால் துண்டு.
தின்னுலே.

முதல் வரியைப் படிக்கிறவர் சும்மா மீன் கதை என்று நினைப்பார். ‘மறுபடியும்’ வரும்போது பழைய வீடு முழுவதும் உள்ளே வந்துவிடும். கடைசிச் சொல்லில் அக்கா விட்டுக்கொடுத்துவிடுகிறாள். காதைத் திருகுகிற கைக்குப் பக்கத்தில் “தின்னுலே” என்று படிக்கும்போது இரண்டும் சேர்ந்து சரியாகிவிடும். உங்கள் வீட்டில் ‘லே’ புழங்காது என்றால் ‘சாப்பிடுடா’ போடுங்கள். ஆனால் புழங்குகிற வீடாக இருந்து, நாலு பேர் பார்க்கிறார்களே என்று ‘டா’வுக்கு மாற்றாதீர்கள். ஏழு வருஷம் டொரன்டோவிலோ வான்கூவரிலோ அவன் காதில் விழாத சொல் அது.

எழுத்து நடையா, பேச்சு நடையா என்ற குழப்பமும் பலருக்கு வரும். ‘எனக்குத்தான் வந்தது’ என்று எழுதினால் இலக்கணம் சுத்தமாக இருக்கும், ஆனால் அது யாரோ சொன்ன கதை மாதிரி ஆகிவிடும். சண்டை போட்ட குரலிலேயே எழுதுங்கள். ஒரு வரி பேச்சு, ஒரு வரி எழுத்து என்று கலந்தால்தான் கெட்டுப்போகும்.

இனி, எதைக் கிண்டல் செய்யக் கூடாது என்பது. பல வருஷம் கழித்துச் சேர்கிறவர்களுக்கு இதுதான் முக்கியம், இதில்தான் நிறையப் பேர் சறுக்குகிறார்கள். கூடவே இருக்கிற தம்பியின் தொப்பையைக் கிண்டல் செய்யலாம். அது கொஞ்சம் கொஞ்சமாக வளர்ந்ததை நீங்களும் பார்த்திருக்கிறீர்கள், அவனும் உங்களை நாலு சொல் சொல்லியிருப்பான். பிரிந்திருந்த காலத்தில் வந்த தொப்பை, வழுக்கை, நரை, ஆகாத கல்யாணம், போன வேலை எல்லாம் அப்படி இல்லை. அதற்குப் பின்னால் என்ன நடந்தது என்று உங்களுக்குத் தெரியாது. ஒரு ஆல்பத்துக்காக ஒரு அக்கா “முடி கொட்டின பிறகாவது ஊர் ஞாபகம் வந்துச்சே” என்று எழுதிக் கொண்டுவந்தார். நானும் சிரித்துவிட்டு அச்சுக்கு அனுப்பினேன். அதே வரியை அவர் முகநூலிலும் போட்டிருக்கிறார். தம்பி ஒன்றும் சொல்லவில்லை. சத்தமில்லாமல் தன் பெயர் இருந்த டேகை மட்டும் எடுத்துவிட்டார். ஒன்றரை வருஷமாக அதற்கு வைத்தியம் பார்த்துக்கொண்டிருந்தார் என்பது பிறகுதான் அக்காவுக்குத் தெரிந்தது. அந்தப் பக்கத்தை நாங்கள் திரும்ப அச்சடித்தோம்.

அதற்குப் பிறகு நான் ஒரே ஒரு சோதனை வைத்திருக்கிறேன். இந்தக் கிண்டல் அவர் ஊரைவிட்டுப் போன அன்றைக்கே உண்மையாக இருந்ததா? 2017 ஆகஸ்டிலும் உங்கள் தம்பி நடுத்துண்டுக்குச் சண்டை போட்டான், இன்றைக்கும் போடுகிறான். அது தாராளமாகச் செல்லும். பிரிந்த பிறகு உண்மையானது என்றால் தொடாதீர்கள், அவரே அதைச் சொல்லிச் சிரிக்கிறவரைக்கும் காத்திருங்கள்.

பிரிவுக்குக் காரணமே மனஸ்தாபம் என்றால் இன்னும் கவனம் வேண்டும். “ஒருவழியா கோபம் தீர்ந்துச்சு” என்று எழுதுகிறவர்கள் உண்டு. ஊருக்கே தெரியாத சண்டையை நீங்களே அறிவித்த மாதிரி ஆகும். அந்த மாதிரிப் படத்துக்கு ஊர்ப் பெயரும் தேதியும் போதும்.

உங்களைப் போல அக்கா–தம்பி இல்லாதவர்களும் இதைப் படிப்பார்கள் என்பதால் நான் எழுதிக் கொடுத்ததில் இரண்டைச் சொல்கிறேன். அக்கா தங்கை இருவர், ஒன்பது வருஷம் கழித்து விமான நிலையத்தில் கட்டிக்கொண்டு நிற்கிற படம். தங்கை உடுத்தியிருந்தது அக்காவுடைய பழைய சேலை. வரி இப்படி வந்தது: “2015-ல காணாமப் போன என் மயில்கழுத்துச் சேலை, இன்னிக்கு ஏர்போர்ட்ல ஓடி வந்து என்னைக் கட்டிப்பிடிச்சுது.” இன்னொன்று கோவைப் பக்கத்து வீடு. அண்ணனை ‘வாங்க, போங்க’ என்றுதான் பேசுவார்கள். அந்த மரியாதையை விட்டுவிட்டுக் கிண்டல் செய்தால் அவர்கள் வீட்டுக் குரலாகவே இருக்காது. மரியாதையோடு செய்தால் இன்னும் நன்றாக வரும். அண்ணன் தன் மனைவியோடும் இரண்டு பிள்ளைகளோடும் வந்திருந்தார். “அண்ணா, போறப்ப வாங்கிட்டுப் போன 50 ரூபா இன்னும் வரல. வட்டியா ரெண்டு பேரைக் கூட்டிட்டு வந்ததால விட்டுட்டேன்.”

இரண்டிலும் ஒரு சேலை, ஒரு 50 ரூபாய் என்று கையில் பிடிக்கிற மாதிரிப் பொருள் இருப்பதைக் கவனியுங்கள். ‘நம்ம சேட்டை’, ‘பழைய ஞாபகங்கள்’ என்று பொதுவாக எழுதினால் யார் வீட்டுப் படத்துக்கும் அது பொருந்தும், அதனாலேயே உங்கள் படத்துக்குப் பொருந்தாமல் போகும்.

எங்கே போடுகிறீர்கள் என்பதும் கொஞ்சம் கணக்கில் வரும். இன்ஸ்டாகிராமில் 2,200 எழுத்து வரைக்கும் இடம் உண்டு, ஆனால் போனில் கண்ணில் படுவது முதல் ஒன்றிரண்டு வரிதான். மிச்சம் மறைந்திருக்கும், தொட்டால்தான் விரியும். அதனால் ஏழு வருஷமும் நடுத்துண்டும் முதல் வரியிலேயே வந்துவிட வேண்டும். ‘நீண்ட இடைவெளிக்குப் பிறகு’ என்று ஆரம்பித்தால் மீன் வருவதற்குள் ஆள் போய்விடுவார். வாட்ஸ்அப் ஸ்டேட்டஸ் 24 மணி நேரத்தில் போய்விடும், பார்க்கிறவர்களும் தெரிந்தவர்கள், அங்கே அந்தக் குரங்கையும் தாராளமாகக் கூப்பிடுங்கள். முகநூலில் போட்டது வருஷா வருஷம் அதே தேதியில் நினைவாகத் திரும்பி வரும். பழைய காலத்தில் போட்டோவின் பின்பக்கம் எழுதுவோமே, அதுபோல கடைசியில் தனி வரியாக ‘தூத்துக்குடி, டிசம்பர் 2024’ என்று மட்டும் சேருங்கள்.

அப்புறம், ஒரு விஷயத்தைக் கட்டாயம் விட்டுவையுங்கள். வால் துண்டு என்று எழுதும்போதே உங்களுக்கு இன்னொரு ஆசை வரும்: வாலு என்றால் சேட்டைக்காரர் என்றும் அர்த்தம் இருக்கிறதே, அதையும் ஒரு வரியாக்கிவிடலாம் என்று. வேண்டாம். கிண்டல் என்றால் பதில் வர வேண்டும், அந்தப் பதிலுக்கு அவனுக்கு ஒரு பிடி வேண்டும். படத்தைப் போட்டு, அவனை டேக் செய்துவிட்டுப் போனைக் கீழே வையுங்கள். அவன் கீழே வந்து, “வாலுக்கு வால் துண்டுதானே கிடைக்கும்” என்று எழுதட்டும்.