வகுப்புக்கு இவ்வளவு என்று சம்பளம்: லீவ் கேட்பது எப்படி? (கேள்வி பதில்)

கேள்வி: பார்ட் டைம் லெக்சரர், கணிதம். ஒரு வகுப்புக்கு இவ்வளவு என்றுதான் சம்பளம். அம்மாவுக்குக் கண் ஆபரேஷன். 12 புதன், 14 வெள்ளி இரண்டு நாளும் வர முடியாது. ஈடு வகுப்பு எடுக்கத் தயார். லீவ் லெட்டர் எப்படி எழுத வேண்டும்?

பதில்: லெட்டர் கடைசி வேலை, மேடம். முதலில் நாள் கணக்கை விட்டுவிட்டு மணியை எண்ணுங்கள். உங்கள் டைம் டேபிளில் அந்த இரண்டு நாளும் 'அ' பிரிவுக்கும் 'ஆ' பிரிவுக்கும் தலா ஒரு வகுப்பு இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அப்படியானால் விட்டுப்போவது நான்கு வகுப்பு. அலுவலகமும் துறைத் தலைவரும் பார்ப்பது அந்த நான்கைத்தான்.

அடுத்து, உங்களுக்கு எப்போது ஒழியும் என்று பார்க்காதீர்கள். மாணவர்களுக்கு எப்போது ஒழியும் என்று பாருங்கள். பெரும்பாலான ஈடு வகுப்புகள் படுத்துவிடுவது இங்கேதான். வாத்தியார் வந்து நிற்பார், பாதிப் பேர் லேபில் இருப்பார்கள். இரண்டு பிரிவின் க்ளாஸ் ரெப்பையும் கூப்பிட்டுக் கேளுங்கள். பிறகு கால அட்டவணை பார்ப்பவரிடம் போய் அந்த மணிக்கு அறை காலியா என்று உறுதி செய்யுங்கள்.

நான்கில் இரண்டையாவது லீவுக்கு முன்பே எடுத்துவிடுங்கள். "வந்து எடுக்கிறேன்" என்பதைவிட "இரண்டு எடுத்துவிட்டுப் போகிறேன்" என்றால் கையெழுத்து சீக்கிரம் விழும். ஆபரேஷன் தள்ளிப்போனாலும் உங்களுக்குத் திண்டாட்டம் இல்லை. இவ்வளவும் முடிந்த பிறகு லெட்டர் இப்படி இருக்கலாம்:

"மதிப்பிற்குரிய துறைத் தலைவர் அவர்களுக்கு, வணக்கம். இரண்டாம் ஆண்டு 'அ', 'ஆ' பிரிவுகளுக்குக் கணிதம் எடுத்து வருகிறேன். என் தாயாரின் கண் அறுவைச் சிகிச்சை காரணமாக 12 புதன், 14 வெள்ளி ஆகிய இரு நாள்களும் வர இயலாது. அந்நாள்களில் எனக்கு நான்கு வகுப்புகள் உள்ளன. அவற்றுக்கு ஈடாக 'அ' பிரிவுக்கு 10 திங்கள், 18 செவ்வாய் ஆகிய நாள்களிலும், 'ஆ' பிரிவுக்கு 11 செவ்வாய், 20 வியாழன் ஆகிய நாள்களிலும் கடைசி மணியில் வகுப்பு எடுக்க எண்ணியுள்ளேன். அந்த மணிகளில் மாணவர்களுக்கு வேறு வகுப்பு இல்லை. அறையும் உறுதி செய்துகொண்டேன். 12, 14 தேதிகளுக்கு ஊதியம் கோர மாட்டேன். ஈடு வகுப்புகளை எடுத்த தேதியிலேயே பில்லில் சேர்க்க அனுமதி வேண்டுகிறேன்."

கடைசி இரண்டு வாக்கியத்தை மட்டும் விட்டுவிடாதீர்கள். லீவுக்கு அனுமதி தருவதும் ஈடு வகுப்புக்குப் பணம் தர ஒப்புக்கொள்வதும் இரண்டு வெவ்வேறு விஷயம். முதலாவதற்கு மட்டும் கையெழுத்து வாங்கிக்கொண்டு நான்கு வகுப்பை இலவசமாக எடுத்தவர்களை எனக்குத் தெரியும். கையெழுத்தான லெட்டரின் ஒரு நகல் உங்களிடம் இருக்கட்டும்.

கேள்வி: வராத நாளுக்குச் சம்பளமே கிடையாது. அப்புறம் எதுக்கு லீவ் கேக்கணும்? நான் க்ளாஸ் குரூப்ல ஒரு மெசேஜ் போட்டுடுவேன், அவ்வளவுதான்.

பதில்: சம்பள விஷயத்தில் நீங்கள் சொல்வது சரி, தம்பி. நமக்கு லீவ் என்று ஒரு கணக்கே பல இடத்தில் கிடையாது. அதனால் நம் லெட்டர் உண்மையில் வகுப்பை இடம் மாற்றக் கேட்கும் லெட்டர்தான். ஆனால் நீங்கள் வராவிட்டாலும் அந்த மணி டைம் டேபிளில் அப்படியே நிற்கிறது. அறுபது பேர் வராந்தாவில் நின்றால் முதல் கேள்வி துறைத் தலைவருக்குத்தான் வரும். அவருக்கு விஷயமே தெரியாது என்றால், அடுத்த செமஸ்டருக்கு யாரைக் கூப்பிடுவது என்று யோசிக்கும்போது இதுதான் அவருக்கு ஞாபகம் வரும். மாணவர்களுக்கு மெசேஜ் போடுங்கள், நல்லதுதான். அதற்கு முன் துறைத் தலைவருக்கு இரண்டு வரி எழுதிவிடுங்கள்.

கேள்வி: போன மாசம் 28ஆம் தேதி வரல. ஈடு வகுப்பை இந்த மாசம் 3ஆம் தேதி எடுத்தேன். பில்லுல 28ன்னே போட்டேன், திருப்பி அனுப்பிட்டாங்க. எடுத்த வகுப்புக்குத்தானே பணம் கேட்டேன்?

பதில்: எடுத்தது உண்மைதான். ஆனால் பில்லும் வருகைப் பதிவேடும் ஒரே தேதியைச் சொல்ல வேண்டும். 28ஆம் தேதிப் பக்கத்தில் மாணவர் வருகையே இல்லாமல் உங்கள் கையெழுத்து மட்டும் இருந்தால், பார்ப்பவருக்கு அது எடுக்காத வகுப்பாகத்தான் தெரியும். நானும் ஆரம்ப காலத்தில் இதே தப்பைச் செய்து, பில் இரண்டு மாதம் மேஜையிலேயே கிடந்தது. 3ஆம் தேதி என்று போட்டு, குறிப்பில் "28ஆம் தேதி வகுப்புக்கு ஈடு" என்று எழுதி மறுபடி கொடுங்கள்.

இன்னொன்றையும் பாருங்கள். மாதத்துக்கு இத்தனை மணிதான் என்று உச்ச வரம்பு வைத்திருக்கும் இடங்கள் உண்டு. உதாரணமாக வரம்பு 24 மணி, உங்கள் வழக்கமான வகுப்பே 24 என்றால், போன மாதம் விட்டது இந்த மாதத்தில் 25ஆவது மணியாக வந்து நிற்கும். அதைச் சத்தமில்லாமல் வெட்டிவிடுவார்கள். முதலில் கேட்டவர் நான்கையும் ஒரே மாதத்துக்குள், பில் முடிக்கும் தேதிக்கு முன்பே வைத்துக்கொள்ள வேண்டும் என்பது இதனால்தான். மாதக் கடைசியில் லீவ் வந்தே தீரும் என்றால், ஈடு வகுப்பை முன்கூட்டியே எடுத்துவிடுங்கள்.

கேள்வி: எனக்கு இன்னும் 4 நாள் தற்செயல் விடுப்பு பாக்கி இருக்கிறது. ஈடு வகுப்பு எடுத்தால் அந்த நாள் கணக்கில் திரும்பச் சேருமா?

பதில்: ஐயா, நீங்கள் நிரந்தரப் பணியில் இருக்கிறீர்கள் போலிருக்கிறது. இங்கே பேசுவது விடுப்புக் கணக்கே இல்லாதவர்களைப் பற்றி. உங்கள் கேள்விக்கு உங்கள் பணி விதியைத்தான் பார்க்க வேண்டும்.

கேள்வி: பல வருடம் கால அட்டவணை போட்டவள் நான். உங்கள் மாதிரி லெட்டரில் நான்கும் கடைசி மணியில் இருக்கிறது. கடைசி மணியில் பிள்ளைகள் நிற்க மாட்டார்கள். பாதி வகுப்புக்குப் பாடம் நடத்தி என்ன பயன்?

பதில்: ஒத்துக்கொள்கிறேன், மேடம். அறை கிடைப்பது எளிது என்பதால் அப்படி எழுதினேன். நடுவில் ஒரு மணி ஒழிந்தால் அதுவே மேல். இன்னொரு வழியும் உண்டு. அதே பிரிவுக்குப் பாடம் எடுக்கும் வேறு ஆசிரியரோடு மணியை மாற்றிக்கொள்வது. 12ஆம் தேதி உங்கள் மணியில் அவர் வருகிறார், 18ஆம் தேதி அவர் மணியில் நீங்கள் போகிறீர்கள். மாணவர்களுக்குக் கூடுதல் மணியே இல்லை, யாரும் ஓடமாட்டார்கள். கடைசி மணிதான் வாய்க்கும் என்றால் அன்றைக்குப் புதுப் பாடம் தொடங்க வேண்டாம். நடத்தியதிலிருந்து கணக்குப் போட வையுங்கள். வராதவர்களுக்குப் பெரிய இழப்பு இருக்காது.

கேள்வி: நான் வராத அன்று தோழி ஒருத்தி என் வகுப்பை எடுத்தாள். அவளும் பார்ட் டைம்தான். அந்த மணிக்கு அவள் பில் போட்டாள். நான் ஈடு வகுப்பும் எடுத்துவிட்டேன். இப்போது இரண்டு பேரில் ஒருவருக்குத்தான் பணம் என்கிறார்கள்.

பதில்: ஒரு மணிக்கு ஒரு சம்பளம் என்று அலுவலகம் பார்க்கிறது. அவர் உங்கள் பாடத்தையே நடத்தியிருந்தால் அந்த மணி விட்டுப்போகவில்லை, அதனால் ஈடு வகுப்புக்கு இடமே இல்லை என்பார்கள். அவர் தன் பாடத்தை நடத்தியிருந்தால் உங்கள் பாடத்துக்கு ஒரு மணி குறைகிறது, அதைக் காட்டிக் கேட்கலாம். பதிவேட்டில் அன்றைக்கு என்ன தலைப்பு எழுதியிருக்கிறது என்று முதலில் பாருங்கள். இந்த வாதத்தை ஏற்றுக்கொண்ட துறைத் தலைவரையும் பார்த்திருக்கிறேன், மறுத்தவரையும் பார்த்திருக்கிறேன். நீங்கள் இருவரும் சேர்ந்தே போய்க் கேளுங்கள். தனித்தனியாகப் போனால் ஒருவர் பில்லை மற்றவர் மறுப்பது போல ஆகிவிடும்.