வெளிநாட்டிலிருந்து போடும் பதிவு ஊரில் பெருமையாகப் படாமல் இருக்க என்ன செய்வது?

கேள்வி: துபாயில் வேலை செய்கிறேன், சொந்த ஊர் தங்கச்சிமடம். மே மாதம் புது வீட்டுக்கு மாறியதும் இப்படிப் போட்டேன்: "கடின உழைப்புக்குப் பலன் கிடைத்தே தீரும்! 23வது மாடி, கடல் பார்த்த பால்கனி. கனவு நனவானது." சொந்தக்காரர்கள் வெறும் கைகூப்பு மட்டும் போட்டுவிட்டு ஒதுங்கிவிட்டார்கள். எப்படி மாற்றி எழுதுவது?

பதில்: தம்பி, 23வது மாடி யாரையும் உறுத்தவில்லை. உறுத்தியது முதல் வரி. மே மாதம் மீன்பிடித் தடைக்காலம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகள் கரையில்தான் நிற்கும். உங்கள் மச்சான்மார் கடன் வாங்கிப் படகுக்கு மராமத்து பார்த்துக்கொண்டிருப்பார்கள். விடிய விடிய வலை இழுப்பவர்களிடம் "உழைப்புக்குப் பலன்" என்றால், எங்களுடையது உழைப்பில்லையா என்றுதான் கேட்கத் தோன்றும். அந்த வரியையும் கனவு வரியையும் எடுத்துவிடுங்கள்.

வீட்டுச் செய்தியை மறைக்க வேண்டாம். பிறகு வேறு யாரோ சொல்லித் தெரிந்தால் அதுவே பெரிய மனத்தாங்கலாகிவிடும். ஆனால் வாடகை வீடென்றால் வாடகை என்றே எழுதுங்கள். எழுதாவிட்டால் சாயங்காலத்துக்குள் பாம்பன் வரைக்கும் "துபாயில் வீடு வாங்கிவிட்டான்" என்று பரவிவிடும், அடுத்த வாரம் கைமாற்று கேட்டு போன் வரும். நான் எழுதினால் இப்படி எழுதுவேன்:

"வெள்ளிக்கிழமை வீடு மாறினோம். வாடகை வீடுதான், 23வது மாடி. சின்னவளுக்கு லிஃப்ட் ஏறினாலே காது அடைக்கிறது. பால்கனியிலிருந்து கடல் தெரிகிறது, ஆனால் நம்ம ஊர் வள்ளம் மாதிரி ஒன்றுகூடக் கண்ணில் படவில்லை. மச்சான், எஞ்சின் வேலை முடிந்ததா? படகை எப்போது இறக்குகிறீர்கள்?"

மாடியும் கடலும் அப்படியே இருக்கின்றன. மாறியது அவை யார் கண் வழியாகத் தெரிகின்றன என்பதுதான். காது அடைக்கும் குழந்தையை அத்தை உடனே விசாரிப்பார். கடைசிக் கேள்விக்கு ஊரில் இருப்பவரால்தான் பதில் சொல்ல முடியும், "எல்லோரும் நலமா?" என்று கேட்டிருந்தால் மறுபடியும் கைகூப்புதான் வந்திருக்கும்.

குறை சொல்வதுபோல் பெருமை பேசுவதும் உண்டு. அதில் கவனமாக இருங்கள். "இவ்வளவு பெரிய வீட்டைத் துடைக்கவே நேரமில்லை" என்ற வரியை ஊரில் எல்லோரும் ஒரே நொடியில் கண்டுபிடித்துவிடுவார்கள்.

பதிவுக்கு முன்னால் அம்மாவுக்கும் சித்தப்பாவுக்கும் போனில் சொல்லிவிடுங்கள். ஊரோடு ஊராக அவர்களும் படத்தைப் பார்த்துத் தெரிந்துகொள்வது சரியில்லை. அங்கே இரவு ஏழு மணிக்குப் போட்டால் இங்கே எட்டரை, எல்லோரும் வீட்டில் இருப்பார்கள். போட்டுவிட்டு நீங்களும் அரை மணி நேரம் அங்கேயே இருந்து, எஞ்சினைப் பற்றி மச்சான் எழுதினால் அதைப் பற்றியே பேசுங்கள். பேச்சை வீட்டுப் பக்கம் திருப்ப வேண்டாம்.